ராஜம்மாள் தறியில் இரண்டாவது பாவு

"என் எழுத்துல கை வைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. அச்சுக் கோக்கறவருக்கு உண்டு. கரையானுக்கும் உண்டு. எனக்கு மட்டும் கிடையாது. எழுதின வரியை நானா அடிச்சதே இல்ல, அடிக்கவும் மாட்டேன்."

திருவண்ணாமலை தேரடியில், டெய்லர் மதார் சாகிபின் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மலையைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சகாதேவன் இப்படிச் சபதம் செய்தது 1984 தொடக்கத்தில். மலை மறுப்பு ஏதும் சொல்லவில்லை. சாகிப் மட்டும் காஜாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் மெட்ராஸ்ல வெட்டிடறாங்களே. நீ வேற எதுக்குக் கஷ்டப்படணும்" என்றார்.

சகாதேவன் பக்கத்துக் கட்டடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துபவர். அது வயிற்றுக்கு. உலகத்துக்காக அவர் ஒரு மெட்ராஸ் பத்திரிகையின் பகுதி நேர நிருபர். சம்பளம் கிடையாது, அச்சில் வந்ததை அங்குலக் கணக்கில் அளந்து பணம் அனுப்புவார்கள். ஒரு வரி குறைந்தால் அரை டீ குறைந்தது என்று அர்த்தம். ஆகவே அவருடைய கொள்கையில் இலக்கியமும் பொருளாதாரமும் சரிபாதி கலந்திருந்தன. பதினான்கு வருஷமாக எழுதியும் அவர் பெயர் அச்சில் வந்ததில்லை. 'நமது நிருபர்' என்றுதான் வரும். ஊரில் பாதிப் பேர் அதை அவருடைய புனைபெயர் என்று நினைத்திருந்தார்கள்.

அந்த மாசியில் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. கைத்தறி நெசவாளர்கள் தொழிலை விட்டுப் போவதைப் பற்றி ஞாயிறு மலருக்கு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வேண்டும். வெறும் ஒப்பாரி வேண்டாம், வெறும் புள்ளிவிவரமும் வேண்டாம். கணக்கும் இருக்க வேண்டும், கணக்குக்குள் ஒரு முகமும் இருக்க வேண்டும். புகைப்படம் உண்டு. கடைசி வரியைச் சகாதேவன் மூன்று முறை படித்தார்: 'தங்கள் பெயருடன் வெளியாகும்.'

ஊருக்கு வெளியே நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் காரியதரிசி ராஜமாணிக்கம் கணக்கைத் தந்தார். பள்ளிக்கூடத்தில் சகாதேவனோடு ஒரே பெஞ்சு. போன மாதம் சங்கம் கொடுத்த மொத்தக் கூலி ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபாய். உறுப்பினர்கள் நூற்றைம்பத்தைந்து பேர். சகாதேவன் வகுத்துப் பார்த்தார். ஆளுக்கு அறுபது ரூபாய். அவர் கண் கலங்கியது. கூடவே தலைப்பும் தோன்றிவிட்டது.

"செத்தவனுக்கும் சேர்த்துக் கூலி பிரிச்சிட்டியே, சகாதேவா" என்றார் ராஜமாணிக்கம். "பேரு இருக்கும், தறி இருக்காது. பெங்களூருக்குப் போய் ஓட்டல்ல எலை எடுக்கறவன் பேரும் இதுல இருக்கு. நெய்ஞ்சு கூலி வாங்கினது அறுபத்திரண்டு பேரு."

மறுபடி வகுத்தார். நூற்றைம்பது. சோகம் பாதிக்கு மேல் குறைந்ததில் அவருக்குச் சின்ன வருத்தம்தான். ஆனாலும் நூற்றைம்பத்தைந்து பேரில் அறுபத்திரண்டு பேர்தான் மிச்சம் என்பதே பெரிய செய்தி என்று தேற்றிக்கொண்டார்.

அடுத்து முகம். அர்ஜுனன், ராஜம்மாள் தம்பதி வாகாக அமைந்தார்கள். அரசின் மலிவு விலை ஜனதா சேலைக்குச் சங்கம் கொடுத்த நெடுக்கு நூலான பாவைக் குழித்தறியில் ஏற்றி அர்ஜுனன் நெய்ய, ராஜம்மாளும் அவள் மாமியாரும் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றினார்கள். போன மாதம் சங்கத்தில் வாங்கிய கூலி நூற்று நாற்பத்தெட்டு. சராசரிக்கு இரண்டே ரூபாய் கம்மி. அந்தச் சராசரியே சட்டை போட்டுக்கொண்டு வந்து குழியில் உட்கார்ந்தது போலிருந்தது.

"கூலி அவரு பேர்லதான் எழுதறாங்க. உழைக்கறது மூணு பேரு. என் பேரையும் போடுங்க சார்" என்றாள் ராஜம்மாள். பெயர் வராதவர்களின் துயரம் சகாதேவனுக்குத் தெரியும். போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

புகைப்படத்துக்கு நாள் குறிக்க அடுத்த வாரம் போனார். அந்த வாரம் நூல் வரவில்லை, சங்கத்துத் தறிகள் எல்லாம் சும்மா கிடக்கின்றன என்று ராஜமாணிக்கம் சொல்லியிருந்தார். ஆனால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அர்ஜுனன் தறியில் சங்கத்து வெள்ளைப் பாவு இல்லை. சிவப்பும் பச்சையுமாக லுங்கிக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது யாரு பாவு?"

அர்ஜுனன் மிதியை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

"பஜார் முதலாளிது" என்றாள் ராஜம்மாள், ராட்டையை நிறுத்தாமல். "மாசத்துல பதினஞ்சு நாளைக்குத்தான் சங்கத்துல நூலு. மீதி நாளைக்கு வயிறு லீவு போடுதா? இதுல ஒரு நூத்தி எழுபது வருது. அது இல்லன்னா நாங்களும் எப்பவோ பெங்களூரு போயிருப்போம். எழுதிக்குங்க."

"எழுதிக்குங்கன்றியே, அறிவிருக்கா உனக்கு?" என்றான் அர்ஜுனன்.

"ஏன், திருடியா தின்றோம்?"

சகாதேவன் அன்றே உட்கார்ந்து எழுதினார். ராஜம்மாள் பெயர், இரண்டு பாவு, இரண்டு கூலி, மூன்று ஜோடிக் கை, வயிறு லீவு போடாத விஷயம் எல்லாம் ஒரே பத்தியில். தம் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்தது என்று முடிவு செய்து, சாகிபிடம் படித்துக் காட்டினார். சாகிப் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் பட்டுத் துணிக்குக்கூட அப்படி வைத்ததில்லை.

கணக்கைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கச் சங்கத்துக்குப் போனவர், பேச்சோடு பேச்சாக, "வெளிப்பாவு போட்டா என்னா ஆகும்?" என்று கேட்டார்.

ராஜமாணிக்கம் கூலிப் பேரேட்டை மூடி வைத்தார்.

"உறுப்பினர் வெளி ஆளுக்கு நெய்யக் கூடாது, அது விதி. நீக்கிடுவாங்க. பாவும் போச்சு, சேமிப்புக்குச் சங்கம் போடற பங்கும் போச்சு. அந்தத் தெருவுல யாரு என்னா நெய்றாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறியா? எனக்குக் காது இருக்குது, சகாதேவா. ஆனா பேப்பர்ல வந்துச்சுன்னா எனக்குக் கண்ணும் வந்துடும். வேலூர்ல இருக்கற அதிகாரிக்கும் வந்துடும்."

சகாதேவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார். லுங்கியை விட்டுவிட்டு நூற்று நாற்பத்தெட்டை மட்டும் எழுதலாம். படம், முகம், பெயர் எல்லாம் தப்பும். கட்டுரை மட்டும் பொய்யாகும். ராஜம்மாளை வேறு பெயரில் எழுதலாம். அவர் எந்த வீட்டில் உட்கார்ந்து பேசினார் என்று தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு இன்னும் பதினோரு வீடு ஏறி இறங்கினார். பேர் எழுதமாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். ஒன்பது வீட்டில் வெளிப்பாவு இருந்தது. கடைசியாக ராஜம்மாளிடம் வந்து விஷயத்தைச் சொன்னார்.

அவள் ராட்டையை நிறுத்தினாள்.

"அப்ப என் பேரு வராதா?"

"வந்தா உங்க சங்கத்துப் பாவு போயிடும்மா."

"உங்க பேரு?"

"முகம் இல்லாத கட்டுரைக்கு முழுப்பக்கம் தரமாட்டாங்க. உள்பக்கத்துல ஒரு மூலைல 'நமது நிருபர்'னு வரும்."

"பேரு போனாப் போவுது. மூணு பேரு உழைக்கறோம்ன்றது மட்டும் இருக்கட்டும் சார்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில், மெட்ராஸ் வண்டிக் கண்டக்டரிடம் கவரைக் கொடுப்பதற்கு முன் சகாதேவன் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். தாள்களை வெளியே எடுத்தார். கடைசித் தாளில் புதிதாக எழுதினார்: 'சங்கக் கூலி ஒரு தறிக்குச் சராசரி நூற்றைம்பது. அது ஒருவர் பெயரில் எழுதப்படும் மூன்று பேர் உழைப்பு. அதைக் கொண்டு மட்டும் யாரும் வாழவில்லை. விசாரித்த பன்னிரண்டு வீடுகளில் பத்து, வேறு வழிகளில் நூற்றிருபது முதல் நூற்றெண்பது வரை சேர்த்துத்தான் தறியை விடாமல் வைத்திருக்கின்றன.' அதில் அழகு ஒன்றும் இல்லை. அளந்தால் ஒரு அங்குலம்கூடத் தேறாது.

பிறகு ராஜம்மாள் பத்தி இருந்த தாளை எடுத்து ஒருமுறை மனதுக்குள் படித்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். முதல் வரியில் தொடங்கி, கீழே இருக்கும் எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாதபடி, ஒவ்வொரு வரியாக நிதானமாக அடித்துக்கொண்டு போனார்.