வாங்காத டிக்கெட்

மகனே, என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்யும் உன் இஸ்திரிச் சித்திக்கு நான் ஆறாயிரத்து எண்ணூறு கடன்பட்டிருந்தேன். அவளுக்கே தெரியாத கடன். "வாரம் தவறாமல் வாங்குவீங்களே, ஏன் லாட்டரியை விட்டீங்க? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த வயதிலும் ஈரப் போர்வை நிறைந்த கூடையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறேன், மேனேஜரே பார்த்து வாய் பிளக்கிறார். டிக்கெட்டை விட்டதற்குக் காரணம் வேறு.

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவள் நான். தரை துடைக்க வந்து, இன்று சலவைக்கூடமே என் பேச்சைக் கேட்கிறது. ஒரு காரியம் என்னால் முடியவில்லை என்று எவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

சித்தி டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். கொண்டுபோனால் அவள் புருஷன் எடுத்துவிடுவான், மடியில் வைத்தால் இஸ்திரி ஆவியில் நனைந்து கூழாகிவிடும். அதனால் சனிக்கிழமை காலையில் டிக்கெட் காசு ஐம்பதை என்னிடம் கொடுப்பாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று நான் வாங்கி, என் தகர டின்னில் வைப்பேன். டிக்கெட் கடை என்றால் முச்சந்தியில் ஒரு குடை, ஒரு மேசை, அவ்வளவுதான். மொத்த வியாபாரி வாராவாரம் அதே எண்களையே அனுப்புவதால் குடைக்காரர் வாடிக்கைக்காரர்களுக்கு அவரவர் எண்ணை எடுத்து வைப்பார். சித்தியின் எண் நான்கு, ஒன்று, எட்டு, ஆறு, மூன்று, ஏழு.

இஸ்திரி போடும்போது அவள் அந்த எண்ணில்தான் வீடு கட்டுவாள். வெள்ளை விரிப்புகள் ஆவியில் மிதக்கும். நடுவில் அவள் குரல் மட்டும் வரும்.

"அக்கா, மாடிப்படி மரத்துல போட்டுடலாமா?"

"வழுக்கும்டி."

"அப்போ கல்லு. பகல்ல தூங்குறதுக்குன்னே ஒரு ரூம். சன்னல் பெருசா, ஆனா யாரும் கூப்பிடக்கூடாது."

"எனக்கு ரூம் இல்லையா?"

"கீழ. நீ குறட்டை விடுவ."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டுக்கு ஒரு சன்னல் கூடும். நானும் அதற்குள் நடந்து பார்த்திருக்கிறேன். தரை குளிர்ச்சியாக இருக்கும். விரிப்பு மடிக்கும்போது கை தானாக மடிக்கும், கால் அந்த மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நான் போனபோது குடை மடங்கிக் கிடந்தது. ஆள் இல்லை. இரண்டு மணிக்கு விற்பனை முடியும், மூன்று மணிக்குக் குலுக்கல். திரும்பி வந்ததும் சித்தி, "வாங்கிட்டியாக்கா?" என்றாள். என் தலை தானாக ஆடிவிட்டது. போன காரியம் நடக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மகனே.

அன்று அவள் எண் வரவில்லை. ஐம்பது என் கையிலேயே நின்றது. அடுத்த வாரம் நானே பெரிய புத்திசாலியாகிவிட்டேன். 'இவள் காசைக் கரியாக்குவதைவிட நாமே சேர்த்துக் கொடுப்போம்' என்று அவள் காசுக்கு இன்னொரு டின் எடுத்தேன். குடைக்காரரிடம், "அவ நிறுத்திட்டா. அந்த நம்பரை வேற யாருக்காவது குடுங்க" என்றேன்.

"வாங்க ஆள் இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவேன்மா. உங்களுது?"

"என்னுது குடுங்க. எனக்கு விழும்."

சிரிக்காதே. அவள் காசைக் காப்பாற்றிய மகராசி, தன் காசைத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கடைசி இரண்டு எண் ஒத்துப்போனால் ஐநூறு. சித்தியின் முப்பத்தேழு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவள் டின்னிலிருந்தே ஐநூறு எடுத்து, பரிசு என்று கொடுத்தேன். எனக்கும் ஒருமுறை விழுந்தது. குடைக்காரர் பணத்தை நீட்டாமல், "பத்து டிக்கெட்டா வாங்கிக்கம்மா, அதிர்ஷ்டம் சூடா இருக்கு" என்றார். வாங்கினேன். பத்தும் குப்பை.

ஆனால் சனிக்கிழமை மூன்று மணி வந்தால் நான் ரேடியோவிடம் போய் நின்றுவிடுவேன். ஊரெல்லாம் தன் எண் வரவேண்டும் என்று வேண்ட, நான் ஒருத்தி மட்டும் அவள் எண் வரக்கூடாது என்று வேண்டுவேன். முதல் பரிசு ஒரு கோடி. டிக்கெட் இல்லாமல் ஒரு கோடிக்கு நான் எங்கே போவேன்?

போன மாதம் அது நடக்கப் பார்த்தது. ரேடியோ அலமாரி மேல் பாடிக்கொண்டிருந்தது. குலுக்கலுக்கு ஆறு சக்கரம், ஒவ்வொன்றிலும் சைபர் முதல் ஒன்பது வரை. ஒவ்வொன்றாகச் சுற்றி எண்ணைப் படிப்பார்கள்.

"நான்கு" என்றது ரேடியோ. சித்தி நிமிர்ந்தாள். "ஒன்று." இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "எட்டு." "ஆறு." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சுட்டது. "மூன்று."

"அக்கா... நம்ம வீடு..."

ஆறாவது சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. விரிப்புகளெல்லாம் ஆடாமல் நின்றன. அந்த வீட்டின் வாசலில் அவள் சாவியோடு நிற்பதையும், நான் உள்ளேயிருந்து கதவை அடைப்பதையும் கண்ணால் பார்த்தேன்.

"எட்டு."

ஏழு இல்லை. அவளுக்கு ஒரு பைசா கிடையாது. கடைசி எண்களை வைத்துத்தான் சின்னப் பரிசு, முன்னால் ஐந்து பொருந்தி என்ன பயன்? ஆனால் அவள் குதித்தாள்.

"ஒரே ஒரு எண்ணுக்கா! பக்கத்துல வந்துடுச்சு! அடுத்த வாரம் ரெண்டு டிக்கெட்டா வாங்கிடு!"

நான் ஈரக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். பக்கம், தூரம் எல்லாம் நமக்குத்தான், சக்கரத்துக்கு இந்த வாரம் போன வாரம் தெரியாது. மொத்தம் பத்து லட்சம் எண். வாரம் ஒன்றாக எல்லா எண்ணையும் வாங்கித் தீர்க்கப் பத்தொன்பதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்தே இந்தக் கணக்கை நான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு டின்னையும் மேசைமேல் கவிழ்த்தேன். என் டின்னில் இந்த மூன்று வருஷத்தின் நூற்று அறுபத்து நான்கு செத்த டிக்கெட். அவள் டின்னில் ஐம்பது ஐம்பதாக நூற்று முப்பத்தாறு நோட்டு. புத்திசாலி யார் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றோடு என் எண்ணையும் விட்டேன். நீ மாதாமாதம் டிக்கெட்டுக்கென்று அனுப்பும் காசை இனியும் அனுப்பு, என் டின்னும் காலியாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி 'உஸ்' என்றது.

"மூணு வருஷமா டிக்கெட்டே இல்லாமலா நான் சன்னல் வெச்சேன்?"

"ஆமாடி."

"விழுந்திருந்தா?"

"உன் காலைப் பிடிச்சிருப்பேன்."

"ஒரு கோடிக்குக் காலைப் பிடிச்சு என்ன பண்றது, திமிர் பிடிச்சவளே!" என்று கத்தினாள். தலையணை உறையைத் தூக்கி என்மேல் எறிந்தாள். மூச்சு வாங்கியது. அப்புறம், "என்கிட்ட ஒரு வார்த்தை, கடை இல்லைன்னு சொல்றதுக்கு என்னக்கா?" என்றாள். என் வாழ்நாளில் முதல்முறையாக, "தப்பு என்னுது" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்தாள். தீக்காயத் தழும்பு ஓடிய கையை என் முன்னால் விரித்தாள்.

"எண்ணி வை. வாய்விட்டு எண்ணு. உன் மனக்கணக்கை நான் நம்பமாட்டேன்."

எண்ணினேன். நோட்டெல்லாம் சோப்பு வாசனை. நடுவில் ஒருமுறை, "மாடிப்படி கல்லுதானே?" என்று அவள் கேட்டதில் கணக்கு தவறி, முதலிலிருந்து தொடங்கினேன். நூற்று முப்பத்தாறாவது நோட்டை வைத்தபோதும் அந்தக் கை விரிந்தே இருந்தது, "ஆறாயிரத்து எண்ணூறு" என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மூடியது.