பளபளத்த பன்றி ரூபாய்

சின்னதுரை மாமா விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், காசே வாய் திறந்து தன் வயதையும் ராஜாவின் தாத்தா பெயரையும் சொல்லிவிடும் என்று அரியலூர் முழுக்க அளந்து வைத்திருந்தேன். உண்மையில் அவர் கடைத்தெருவில் பழைய வெள்ளி ரூபாயை எடைக்கு வாங்கி, உருக்க அனுப்புகிறவர். தராசைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. கண்ணாடிக்குப் பதினைந்து ரூபாய் வேண்டும்.

ஒருநாள் குவியலில் 1911ஆம் வருஷத்து ரூபாய் ஒன்று அகப்பட்டது. அதில் பொறித்திருந்த வெள்ளைக்கார ராஜாவின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறதென்று ஜனங்கள் முகம் சுளித்ததால், சர்க்கார் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டது.

"எல்லா ரூபாயிலயும் ஒரே தோலா எடை வெள்ளிதான்டா. உருக்குனா ஒத்த ரூவா சொச்சம். இது கிடைக்கிறதே அபூர்வம், அதான் காசு சேக்குற திருச்சிக்காரர் பதினஞ்சு தரேங்கிறார்" என்றார் மாமா.

மாமாவை அசத்த நினைத்து, அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்தேன்.

திருச்சிக்காரர் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "காலத்துல ஏறின மேல் நிறமெல்லாம் போச்சுங்க, தேய்ச்ச காசைச் சேக்குறவங்க வாங்கமாட்டாங்க. எடைக்கே போட்டுக்குங்க."

மாமா அடுத்த ரூபாயைத் தராசில் வைத்தார்.

மறுநாள் அந்தக் காசை வாங்கிக்கொண்டு ஜெயங்கொண்டம் போய்வந்து, பதினைந்து ரூபாயை நீட்டினேன். "அங்க ஒருத்தர் ஆசையா வாங்கிட்டார் மாமா."

"தேய்ச்ச காசுக்கு எவன்டா பதினஞ்சு தருவான்? எப்படித் தேய்ச்சாலும் விலை குறையாதது தங்கந்தான்" என்றவர், கண்ணை இடுக்கி என் முகத்தருகே குனிந்தார். "காதுல கிடந்த கடுக்கன் எங்கடா?"