நெல் அம்பாரத்தின் மேல் ஒரு மங்கல் மயில்

பேனரைப் பிரித்ததும் எனக்கு முதலில் என் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பேனர்தான் மங்கல்.

பூதலூரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. கல்யாண ஜாக்கெட்டில் ஆரி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துப் பூவேலை செய்வதுதான் என் பிழைப்பு. ஐப்பசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் பிடிக்கத்தான் பத்தடிக்கு அந்த பேனரை அடிக்கக் கொடுத்தேன். நான் தைத்த ஜாக்கெட்டின் முதுகில் தோகை விரித்த மயில், பக்கத்தில் கடைப் பெயர், போன் நம்பர். மயிலின் ஒவ்வொரு மணியும் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்திருந்ததோ, துணியில் கொட்டிப்போன சாம்பார் மாதிரி இருந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கோழியா?"

அவருக்கு என் கடைமேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. யாராவது விசாரித்தால், "மருமக சும்மா பொழுதுபோகாம எதையோ தைக்குது" என்பார். அந்த 'சும்மா' என்னை ரொம்ப நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. கழுத்து வலிக்க, கண் எரிய உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இந்த மரியாதையா? பேனரைப் பார்த்தாவது மனுஷன் வாயை மூடட்டும் என்று நினைத்திருந்தேன். அவர் கோழியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

பிரிண்டிங் கடைக்காரருக்கு போன் போட்டேன். "தூரத்துல நின்னு பாருங்கக்கா, சூப்பரா தெரியும்" என்றார். "எவ்வளவு தூரம்? தஞ்சாவூர்ல நின்னா போதுமா?" என்றேன். மறுநாள் மெஷினில் ஏதோ கோளாறு என்றார். அதற்கடுத்த நாள் மழைக்காலத்தில் இங்க் அப்படித்தான் என்றார். வாயால் பேசினால் இந்த ஆள் வழுக்கிக்கொண்டே போவார் என்று புரிந்தது. பத்தாம் வகுப்பில் படித்த மாதிரியே அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதினேன்.

"ஐயா, நீங்கள் அடித்துக் கொடுத்த பேனரில் எழுத்தெல்லாம் கத்தி மாதிரி விளிம்போடு இருக்கிறது. படம் மட்டும் மங்கல். மெஷின் கோளாறு என்றால் எழுத்தும் அல்லவா கலங்கியிருக்க வேண்டும்? ஆகவே மெஷினை விட்டுவிட்டு, டிசைனில் வைத்த படத்தைப் பாருங்கள். விலை கேட்பதற்காக நான் முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியது என் போனில் எடுத்த படம். அதன் ஓரத்தில் ஒரு சொம்பு இருக்கும். பிறகு போட்டோகிராபரை வைத்து எடுத்த படத்தை, அளவு குறையாமல் வர டாக்குமென்ட்டாக அனுப்பினேன். அதில் சொம்பு கிடையாது. பேனரில் சொம்பு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் அங்குலத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு புள்ளிதான் தேறும் என்று போட்டோகிராபர் சொல்கிறார். என் கடை வாசலில் ஆள் நின்று பார்ப்பது நாலடி தூரத்தில். நீங்கள் போனில் அனுப்பிய மாதிரியைப் பார்த்து நானும் ஓகே சொன்னேன். உள்ளங்கை அளவில் எல்லாப் படமும் அழகுதான். இனி அடிக்கும் முன் கம்ப்யூட்டரில் நிஜ அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மயிலின் கண் இருக்கிற இடத்தை மட்டும் அதே ஃபிளக்ஸில் ஒரு அடிக்கு அடித்துக் காட்டுங்கள். முதல் முகூர்த்தத்துக்குள் வேறு பேனர் வேண்டும்."

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். சொம்பு வந்த இடத்தில் முகம் மாறியது. "பேனரைப் பார்க்கணுமேக்கா. பழசைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுசு. அதுதான் எங்க வழக்கம்" என்றார். அவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், சுருட்டி வைத்த இடத்தில் பேனர் இல்லை. மாமனாரும் இல்லை.

இரண்டு பேரும் கொள்முதல் நிலையத்தில் இருந்தார்கள். குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்த மாமனார், தார்ப்பாய் பற்றாத இடத்தில் என் பேனரை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார். வரிசையாகக் கிடந்த அம்பாரங்களுக்கு நடுவே என் மயில் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. "உபயோகம் இல்லாததுதானேம்மா" என்றார் மாமனார்.

பிரிண்டிங் கடைக்காரர் பழக்கதோஷத்தில் பத்தடி தள்ளி நின்றார். "இங்கேர்ந்து பார்த்தா…" என்று ஆரம்பித்தவரை, "கிட்ட வாங்க" என்றேன். குனிந்து எழுத்தைத் தடவினார். படத்தைப் பார்த்தார். ஓரத்துக்கு வந்தார்.

"சொம்புதான்" என்றார்.

"சொம்பா? யானைக்குட்டின்னு இல்ல நெனச்சிட்டிருந்தோம்" என்றார் பக்கத்து அம்பாரத்துக்காரர்.

"மொதல்ல வந்த படத்தை வெச்சே டிசைன் பண்ணிட்டோம்க்கா. ரெண்டாவதை மாத்தவே இல்ல. தப்பு எங்களுதுதான். நாளைக்கே அடிச்சுத் தரேன்" என்றவர், செங்கல்லைத் தூக்கப் போனார். "இதை எடுத்துக்கறேன். கீழ எங்க கடை பேரும் நம்பரும் இருக்கு. ஊரே பார்க்குது."

"கையை எடுங்க" என்றார் மாமனார். "மேகம் கருத்துக்கிட்டு வருது. ஈரம் ஏறுனா நெல்லை எடுக்க மாட்டாங்க. நீங்களா வாங்கிப்பீங்க?"

எனக்குப் புதுப் பேனர் வேண்டும், மாமனாருக்கு நெல் நனையக் கூடாது. பிரிண்டிங் கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். கடையில் கிடந்த கழிவு ஃபிளக்ஸ் ஒன்றோடு திரும்பி வந்தார். விரித்தோம். ஒரு பெரியவர் மாலையோடு சிரித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'.

வரிசை மொத்தமும் எழுந்து நின்று சிரித்தது. மாமனார் கத்தினார். "யோவ், என் நெல்லுக்கே அஞ்சலி செலுத்துறியா? எடுய்யா அதை!"

"திருப்பிப் போட்டுக்கலாங்க."

"செத்தவர் குப்புறப் படுத்திருப்பாரா? ஒண்ணும் வேணாம். என் மருமக கடை பேனர்தான் கெடக்கணும்!"

"உங்க மருமக கடையா அது?" என்றார் யானைக்குட்டிக்காரர்.

"ஆமா. கல்யாண ஜாக்கெட்டு. பெரிய கடை" என்றார் மாமனார்.

கடை எட்டுக்குப் பத்து. நான் திருத்தவில்லை.

கடைசியில் பேனரின் அடியிலிருந்த தன் கடைப் பெயரை மட்டும் பிரிண்டிங் கடைக்காரர் வெட்டி எடுத்துக்கொள்வது, அதையே பழசைத் திருப்பிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. என் பையில் இருந்த கத்திரியைக் கேட்டார். "துணி வெட்டுறது, ஃபிளக்ஸை வெட்டினா மழுங்கிடும்" என்று மறுத்துவிட்டேன். யாரோ அரிவாள் கொடுத்தார்கள். அறுத்து முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

மறுநாள் மயில் கண்ணை மட்டும் ஒரு அடிக்கு அடித்துக் கொண்டுவந்து காட்டினார். மணியின் துளைகூடத் தெரிந்தது. அதன் பிறகுதான் முழுசையும் அடிக்கச் சொன்னேன்.

பேனரை மாட்டிய சாயங்காலம், நெல்லைப் போட்டுவிட்டு வந்த மாமனார் கடை வாசலில் நின்றார். முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். பிறகு படியேறி வந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், ஒரு தோகையிலிருந்து அடுத்ததுக்கு நகர்ந்து நகர்ந்து பார்த்தார். நான் ஊசியை நிறுத்தவில்லை.

"இம்புட்டு மணியும் நீ கையால வெச்சதா?" என்றார்.

"ஆமா மாமா" என்றேன். "சும்மா, பொழுதுபோகாம."