பின்னிணைப்பில் ஒரு பெயர்

ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளை எப்படிக் கெடுக்கிறது என்று எங்கள் ஆராய்ச்சி நிலையம் ஓர் ஆய்வு செய்தது. எழுபதுகளின் கடைசி. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத என்னிடம் அறிக்கையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு வந்தது. தலைகால் புரியவில்லை.

இயக்குநர் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுதவேண்டும். அது தனியாக நிற்கவேண்டும். அந்தப் பக்கம் பார், இந்தப் பக்கம் பார் என்று கைகாட்டக் கூடாது. ஒவ்வொரு அட்டவணைக்கும் அடியில் ஆதாரம்: நாமே எடுத்த கணக்கென்றால் ‘கள ஆய்வு’, பிறருடையது என்றால் ஆசிரியர், ஆண்டு, பக்கம். தகவல் தந்தவர்களைக் கிணற்று எண்ணால் மட்டும் குறிக்கவேண்டும். எந்த எண் யாருடையது, அவர் என்ன சொன்னார் என்ற பட்டியல் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம் என் மேதாவித்தனம் இருக்கிறதே! பின்னிணைப்பு என்றால் ஒன்று விடாமல் இருக்கவேண்டும் என்று அந்தப் பட்டியலையும் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன். போதாக்குறைக்குச் சுருக்கத்தில், ‘ஏழாம் எண் கிணறு மிக மோசம், பின்னிணைப்பு மூன்று காண்க’ என்று எழுதினேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இயக்குநரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிரதிகள் தபாலில் போன நாலாம் நாள், அலுவலகப் பிரதியில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் செய்த தப்பு உறைத்தது. கழிவுநீர் மாதிரி எடுக்க அனுமதித்ததற்கு மரியாதையாக ஆலை முதலாளிக்கும் ஒரு பிரதி போயிருந்தது. ஏழாம் எண் கிணற்றுக்கார அக்கா தன் மரவள்ளிக் கிழங்கைப் போடுவதே அந்த ஆலைக்குத்தான். ஆலைக்காரர்கள் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவதாக, கிணற்றுநீர் எடுக்கப் போன என்னிடம் அவர் சொன்னதும் அவர் பெயருக்கு நேரே இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அக்காவின் ஊரான சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். ‘அந்த முதலாளி படித்திருக்கமாட்டான், பின்னிணைப்பை எவன் படிக்கிறான்’ என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

களத்தில் கிழங்கு குவிந்து கிடந்தது. பக்கத்தில் அக்கா குந்தியிருந்தார்.

“புடுங்கி மூணு நாளாச்சுங்க அம்மிணி. ஆலையில வண்டிய அப்படியே திருப்பி உட்டுட்டாங்க. ஏனுங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டினார். உள்ளே கருநீலமாகக் கோடு ஓடியிருந்தது. ஒரு வருடத்துப் பாடு, இனி எதற்கும் ஆகாது.

“ரிப்போட்டுல பேரு வராதுன்னு நீங்க சொன்னதாலதான் நான் அத்தனையும் சொன்னேனுங்க. போடலதானுங்களே?”

பயந்து செத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

“போடலைங்க்கா,” என்றேன்.

“அதானே! நீங்க அப்படிச் செய்வீங்களா?” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.