எழுபதுக்குள் ஒரு மரியாதை

அப்பாவுக்கு ஆங்கிலத்தில் வரும் எஸ்எம்எஸ் எல்லாமே லோன் விளம்பரம்தான். அதனால், "டாக்டர் நாளை விடுப்பு" என்று மதுரை ஆஸ்பத்திரி நல்ல ஆங்கிலத்தில் அனுப்பியதையும் கண்டுகொள்ளவில்லை. சர்க்கரை டெஸ்ட்டுக்காக வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், டாக்டர் இல்லாமல் திரும்பி, பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அந்த மெசேஜை அனுப்பிய மென்பொருளைப் பராமரிப்பது புனேயில் கராடியில் இருக்கும் எங்கள் குழு. பெருமைக்குக் குறைச்சலில்லை.

தமிழில் அனுப்பலாம் என்றேன். மராத்திக்காரரான எங்கள் மேலாளர் பெருந்தன்மையானவர்.

"அனுப்பு, யார் வேண்டாம்னது? ஆனா ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு மெசேஜ். ரெண்டா உடைஞ்சா செலவு ரெட்டிப்பு, அப்போ இங்கிலீஷே போகட்டும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சேதி இதுதான். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் கிடைக்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றே. ஆங்கில எழுத்துகள் ஒடுங்கி உட்காரும், நூற்றறுபது பேர் ஏறிவிடுவார்கள். தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும், எழுபதோடு வண்டி நிறைந்துவிடும். ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தால் போதும், கூட இருக்கும் ஆங்கிலத்துக்கும் அதே கணக்குதான்.

எழுபதுதானே என்று உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். "மதிப்பிற்குரிய நோயாளி அவர்களுக்கு வணக்கம். தங்கள் மருத்துவர் நாளை விடுப்பில் உள்ளதால் தயவுசெய்து வர வேண்டாம்." இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து விரல்விட்டு எண்ணினேன். கச்சிதமாக எழுபது! அலுவலகத்துக்கே கேட்கிற மாதிரி மேசையைத் தட்டினேன்.

கணினி நூற்றொன்பது என்றது.

பக்கத்து இருக்கைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். இதே புனேயில், லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்தவன், தமிழ் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அவன்தான் எனக்குத் தமிழ் எழுத்தெண்ணச் சொல்லித்தந்தான், என் தலையெழுத்து.

"அக்கா, நீங்க 'தி'யை ஒண்ணுன்னு எண்றீங்க. மெஷினுக்கு அது ரெண்டு. 'த' ஒண்ணு, அந்தக் கொக்கி ஒண்ணு. மேல வைக்கிற புள்ளியும் தனி."

உண்மைதான். 'மதிப்பிற்குரிய' எனக்கு எட்டு, அதற்குப் பதினான்கு. அந்த ஒற்றை மரியாதையிலேயே எழுபதில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

"பேசாம இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சுடுங்க. நூத்தறுபது கிடைக்கும்ல?"

"எங்கப்பா அதைப் படிக்கணுமே! அவர் உனக்கு ஃபோன் போட்டு வாசிக்கச் சொல்லட்டுமா?"

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் திரைக்குத் திரும்பினான்.

வெட்ட ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய போனார், வணக்கம் போனது. மருத்துவர் டாக்டரானார், பத்து ஏழானது. வெட்டிய இடத்தில் உபயோகமாக ஒரு வரி சேர்த்தேன்: "நாளை டாக்டர் வரமாட்டார். நீங்கள் வர வேண்டாம். புதிய தேதி பிறகு சொல்வோம்." எழுபத்திரண்டு. அடப்பாவி, இரண்டே இரண்டு! அதற்குமேல் தன் பெயரும் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. நான்கு ஆங்கில எழுத்துச் சுருக்கம், ஒரு கோடு, ஓர் இடைவெளி: இன்னும் ஆறு.

மிச்சமிருந்த ஒரே மரியாதை 'நீங்கள்'. பக்கத்து இடைவெளியோடு எட்டு. அதைத் தூக்க எனக்கு மனசே வரவில்லை. வயதானவர்களை வாசலில் நிறுத்தி "வர வேண்டாம்" என்று விரட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் நினைவுக்கு வந்தார். தூக்கினேன். எழுபது.

அனுப்பும் வாசகத்துக்குத் தொலைபேசி நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து. அதுவும் வந்தது. டாக்டரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை, அடுத்த மாதமே தவறாமல் விடுப்பு எடுத்தார்.

அதற்கு முந்தின நாள் மாலை அப்பா ஃபோன் செய்தார். குரலிலேயே கோபம்.

"ஏம்மா, ஆஸ்பத்திரில இருந்து தமிழ்ல மெசேஜ் அனுப்பிருக்காய்ங்க. ஒரு வணக்கம் கிடையாது, ஒரு ஐயா கிடையாது. மொட்டையா 'வர வேண்டாம்'ங்குறான். எவனோ வளர்ப்பு சரியில்லாத பய எழுதியிருக்கான்!"

வளர்த்தவரிடம் என்ன சொல்வது?

"இருக்கும்பா" என்றேன். "நாளைக்குப் போறீங்களா?"

"வராதன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான், அப்புறம் எதுக்குப் போறேன்? காலைல எந்திரிச்சு நாலு இட்லி சாப்பிட வேண்டியதுதான்."