ஊர்க்கவுண்டரின் ஒரே கைநாட்டு

கட்டுரை முடிந்துவிட்டது என்று நினைத்த நாளில்தான் சிக்கல் தொடங்கியது. பிரசவமான பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கல்வராயன் மலையில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய கட்டுரை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆய்விதழ் ஒன்று இதை ஏற்றால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். முனைவர் பட்டத்துக்கான பதிவுக்காலம் முடியச் சில மாதங்களே இருந்தன.

இதழின் இணையப் பக்கத்தில் கடைசியாக இரண்டு பெட்டிகள். ஆய்வுக்கு யார் அனுமதி தந்தார்கள், பேசியவர்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பது ஒன்று. திரட்டிய தகவல் எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பது மற்றொன்று. பழைய கட்டுரை ஒன்றிலிருந்து இரண்டு வரிகளை எடுத்து ஒட்டினேன். ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறப்பட்டது. கேட்பவர்களுக்குத் தரவு தரப்படும். வாசிக்க அழகாகவே இருந்தன.

கட்டுரையில் கணக்குப் பகுதியைச் செய்த என் சக ஆசிரியர், ஒப்புதல் படிவங்களின் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இந்த ஊருக்கு மட்டும் ஒரே தாளு? மிச்சமெல்லாம் எங்க?"

எனக்கு அந்த ஊரின் மழை நினைவுக்கு வந்தது. மலையில் எல்லாவற்றுக்கும் அப்பால் இருந்த ஊர், கொஞ்சம் வீடுகள். வெளியார் வந்தால் முதலில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்ப்பதுதான் அங்கே முறை. படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ஊருக்கே நான் சொல்றேன், போய்க் கேளுங்க" என்று பெருவிரலை மையில் வைத்து அழுத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணிடமும் தாளை நீட்டுவது அவர் சொல்லைச் சந்தேகிப்பதுபோல் இருந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். சாமைச்சோறு போட்டார்கள். ஒரே கைநாட்டோடு இறங்கிவிட்டேன்.

"அவரு சொன்னது நீங்க ஊருக்குள்ள நுழையறதுக்கு மேடம். அந்தம்மாங்க வயித்தப் பத்தி அந்தம்மாங்கதான சொல்லணும்?"

"அந்த ஊரையே எடுத்துட்டா?"

"எடுத்துட்டு கம்முனு இருந்தா அதுவும் பொய்தான். மொதல்ல எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதுங்க."

நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். செய்த தவறை அரசாங்க நடையில் எழுதுவது, சொந்தக் காயத்துக்கு அளவு எடுப்பதுபோல். குழுவின் பதில் வர வாரங்கள் ஆயின: ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேள், சம்மதிக்காதவர்களின் பதில்களை அழி, நடந்ததைக் கட்டுரையில் சொல்.

மலைப் பேருந்து வளைவுக்கு வளைவு கரும்புக்காடுகளைக் கீழே விட்டுவிட்டு ஏறியது.

"மறுபடி வந்துட்டியா டீச்சரு? போன தடவ சோறு பத்தலயா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். படிவத்தை ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துகள், கைநாட்டுகள், பக்கத்தில் சாட்சி.

கடைசி வீட்டுப் பெண் கைநீட்டவில்லை. என் கட்டுரையில் அதிகம் கனத்தது அவள் சொன்னதுதான்.

"இத யாரெல்லாம் படிப்பாங்க?"

"யாரு வேணும்னாலும் படிக்கலாம்க்கா. ஆனா பேரு இருக்காது."

"பேரு இன்னாத்துக்கு? இந்த ஊருல ரெண்டு புள்ள தங்கல, மூணாவதுதான் தங்குச்சின்னு போட்டா, ஊசி போட வர்ற நர்சம்மா யாருன்னு கண்டுபுடிச்சிரும். என்னுத எடுத்துருங்க டீச்சரு. கோவிச்சுக்காதீங்க."

கோபம் எங்கே வந்தது? பையிலிருந்த அவளுடைய பதில் தாளை எடுத்து அவளிடமே கொடுத்தேன். வாங்கி, நான்காய் மடித்து, எரியும் அடுப்பில் செருகினாள். அன்று மாலையே கணினியிலிருந்த அவள் வரியையும் அழித்தேன். சக ஆசிரியர் தன்னிடமிருந்த பிரதியை அழித்துவிட்டு, அட்டவணைகளை மறுபடி போட்டார். நான் பெரிதாகச் சொல்ல நினைத்த ஒரு முடிவு மெலிந்துபோயிற்று.

பெட்டிகளை மீண்டும் நிரப்பினேன். அனுமதி தந்த குழு, அனுமதி எண். ஓர் ஊரில் முதலில் ஊர்த்தலைவரின் ஒப்புதல் மட்டுமே பெறப்பட்டது; குழுவிடம் தெரிவித்து, அதன் அறிவுறுத்தலின்படி பின்னர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறப்பட்டது; மறுத்த ஒருவரின் பதில்கள் நீக்கப்பட்டன. ஊர்கள் சிறியவை, பேரில்லாமலும் ஆளை அடையாளம் காணலாம், அதனால் தனிநபர் தரவு பொதுவில் வைக்கப்படவில்லை. ஆய்வுக்காகக் கேட்பவர்கள் நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம். ஒப்புதல் இடம் தரும் அளவுக்கு, ஊரும் பிரசவ விவரங்களும் நீக்கிய தரவு கிடைக்கும். கேள்வித்தாளும் தொகுப்பு அட்டவணைகளும் இணைப்பில் உள்ளன.

"நீளமா கீது மேடம். கட்டுரைய படிச்சி முடிவு சொல்ற ரிவியூவருங்க இதையே புடிச்சிக்கினா?"

"புடிச்சிக்கட்டும்."

பதிவுக்காலத்தை நீட்டிக்கக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது.