ஒப்படைப்புப் பட்டியலின் மூன்றாம் வரி

2009 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, காலை 10.40. எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஊழியர் அனைவருக்கும் அந்த நேரத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி இன்றும் என் கோப்பில் இருக்கிறது. மூலம் ஆங்கிலம். தமிழில் இப்படி வரும்:

‘அன்புள்ள நண்பர்களே, நம் சிதம்பரம் மையத்தின் பொறுப்பாளர் சென்னையில் வேறு வேலை ஏற்று, ஜூன் 30 அன்று விடைபெறுகிறார். ஊசியைக் கண்டு அலறிய குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர். மழை நாளிலும் மையத்தை நேரத்துக்குத் திறந்தவர். அவருக்கு நம் அனைவரின் நன்றி. அவர் பார்த்துவந்த வேலைகள் ஜூலை 1 முதல் இப்படி மாறும். ஒன்று, டாக்டர்களுடன் தொடர்பு: இனி கடலூர் அலுவலகம். இரண்டு, மாதிரிகளைப் பேருந்தில் கடலூருக்கு அனுப்புவது: சிதம்பரம் மூத்த டெக்னீஷியன். மூன்று, ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிச் சரிபார்ப்பது: அதே மூத்த டெக்னீஷியன். ஜூன் 22 முதல் 30 வரை விடைபெறுபவரும் டெக்னீஷியனும் சேர்ந்து செய்வார்கள்.’

கடலூர் மஞ்சக்குப்பத்தில், நான் வேலை பார்த்த தலைமை நிலையத்தில், அதை எல்லோரும் பாராட்டினார்கள். நான் அந்தக் கடிதத்தை எழுதியதே மூன்றாம் வரிக்காகத்தான்.

2007 நவம்பரில் இரண்டு பேரின் ரிப்போர்ட் மாறிப்போனது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஓர் அம்மாள் மறுபடி பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து ரத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று. குழாய் என் மேசைக்கு வந்தபோதே சீட்டு தவறாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் அந்தச் சிதம்பரம் பொறுப்பாளர் என்னைக் காட்டிச் சிரித்த முகத்தோடு சொன்னார்: “சார், நாங்க ரத்தம் எடுக்கறதோட சரி. சீட்டு சரிபாக்கறது எல்லாம் கடலூர் அண்ணன் வேலை.” எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். என்னைப் பிடித்தவர் குறைவு. அன்றிலிருந்து நான் பதிவு செய்யும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், என்னைவிடப் பதினோரு வயது இளையவர் ஒருவர் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும் என்று நிலையத்தின் உரிமையாளரான டாக்டர் உத்தரவிட்டார். தினமும் அவர் வரும்வரை தாள்களை வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

எனவே டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “அவரு போறாரு. நாலு வரி நல்லா பாராட்டிட்டு, எந்த வேலை யாருக்குன்னு தெளிவா போடுங்க. சாம்பிள் நடுவுல நிக்கக் கூடாது,” என்றபோது, எனக்குச் சொர்க்கவாசல் திறந்தது போல இருந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. இம்மாதிரி அறிவிப்பை இரண்டு இடத்திலும் அச்செடுத்து, படித்ததற்கு அடையாளமாக எல்லோரும் கையெழுத்திட வேண்டும். விலகுகிறவர் கடைசியாக, ‘ஒப்படைத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சிதம்பரம் தாள் மாதிரிப் பெட்டியோடு கடலூர் வந்து சேரும். பெயர்ச்சீட்டு அவருடைய பொறுப்பாக இருந்தது என்பது அவர் கையெழுத்தாலேயே உறுதியாகிவிடும். அதை டாக்டர் முன் வைத்து, என் ரிப்போர்ட்டுகளுக்கான இரண்டாவது கையெழுத்தை நீக்கச் சொல்லலாம். பாராட்டு வரிகளை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அவர் உச்சி குளிர்ந்து, பட்டியலைப் படிக்காமல் பேனாவை எடுக்க வேண்டும்.

ஜூன் 22 தொடங்கி தினமும் பெட்டியை நானே திறந்தேன். குழாய்கள் வந்தன, ஐஸ் வந்தது, தாள் வரவில்லை. ஜூலை 2, வியாழக்கிழமை, சிதம்பரத்துக்கு போன் செய்தேன். மூத்த டெக்னீஷியன் எடுத்தார்.

“அந்தத் தாள் இன்னும் பொட்டியில வரலையேம்மா.”

“அது இனிமே வராது சார். கண்ணாடி ஃப்ரேம் போட்டு அவருக்கே குடுத்துட்டோம். எவ்ளோ அழகா எழுதியிருந்தீங்க! படிச்சிட்டு அழுதுட்டாரு.”

“அழுதது இருக்கட்டும். கையெழுத்து போட்டாரா?”

“போட்டிருப்பாரு சார். நாங்க எல்லாரும் போட்டோமே.”

பின்னால் இன்னொரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. “அவரு எங்க போட்டாருக்கா? ‘என்னெ புகழ்ந்த தாளுல நானே கையெழுத்து போட்டா ஊரு சிரிக்காதா’ன்னு கேட்டாரே!”

“ஏய், அது கேக் வெட்டும்போது சொன்னதுடி. அப்புறமா போட்டாரு.”

கடலூர் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் மூன்றாம் வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, “இது நீங்க எழுதினதுதானே?” என்றார். சிதம்பரத்துக்காரர் கையெழுத்து இல்லாமல் அது என் வார்த்தை மட்டும்தான். இரண்டாவது கையெழுத்து, 2011 ஆகஸ்டில் நான் அந்த வேலையை விடும்வரை நீடித்தது.

என் ஏற்பாட்டுக்காக நான் வெட்கப்பட்டதில்லை. பாராட்டில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டியிருக்கலாம் என்று மட்டும் தோன்றும். சென்னையில் அவர் வீட்டு வரவேற்பறையில் அந்த ஃப்ரேம் மாட்டியிருப்பதாக, 2012 தொடக்கத்தில் அங்கே போய்வந்த ஒருவர் சொன்னார். அடியில் ‘ஒப்படைத்தேன்’ என்ற சொல்லும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். இன்றுவரை அது சரிபார்க்கப்படவில்லை.